மொய் நோட்டில் ஒரு வரி

“கீரமங்கலம் முருகேசன் – 501.”

மொய் நோட்டில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். எழுதிய அன்றைக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மேசையில் உட்கார்ந்திருந்தவருக்கும் பக்கத்தில் நின்றவருக்கும் அந்த முருகேசன் யாரென்று நன்றாகவே தெரியும். பதினைந்து வருடம் கழித்து முருகேசன் வீட்டிலிருந்து பத்திரிகை வருகிறது. அப்போது நோட்டைப் புரட்டுகிறவர் மகன். எழுதிய அப்பா காலமாகிவிட்டார். கீரமங்கலத்தில் முருகேசன் என்ற பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். இந்த 501 கொப்பரை வியாபாரம் பார்த்தவர் செய்ததா, பள்ளிக்கூட வாத்தியார் செய்ததா? நோட்டுக்குப் பதில் தெரியாது.

கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா என்று எந்த விசேஷமானாலும் வந்தவர்கள் கொடுக்கும் பணம் மொய் நோட்டில் ஏறுகிறது. மதுரை, தேனிப் பக்கம் இதையே செய்முறை என்பார்கள். பார்வைக்கு இது அன்பளிப்பு. நடைமுறையில் வட்டியில்லாத கைமாற்று. திருப்பிச் செய்யும் நாளைக் கொடுத்தவர் வீட்டு அடுத்த விசேஷம் தீர்மானிக்கும். அது ஆறு மாதத்திலும் வரலாம், இருபது வருடம் கழித்தும் வரலாம். இதற்குப் பத்திரம் கிடையாது, சாட்சிக் கையெழுத்து கிடையாது. இருப்பதெல்லாம் அந்த ஒரு வரி. அதை எப்படி எழுதுவது, எழுதியதை எப்படிச் சரிபார்ப்பது, சரிபார்த்ததை எப்படிக் கணக்காக்குவது என்ற மூன்றும் தெரிந்த வீட்டில் மொய் உறவை வளர்க்கிறது. தெரியாத வீட்டில் அதே மொய் வருத்தத்தில் முடிகிறது.

1992-ல் வந்த ‘சின்னக் கவுண்டர்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு மொய் விருந்துக் காட்சி மறந்திருக்காது. கடனில் தவிக்கும் பெண் விருந்து வைக்கிறாள். ஊரார் சாப்பிட்டுவிட்டு, இலைக்கு அடியில் பணத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள். யார் எவ்வளவு வைத்தார் என்று எழுத அங்கே யாரும் இல்லை. அது நொடித்த குடும்பத்தைத் தூக்கிவிட ஊர் கூடிச் செய்யும் உதவி. மொய் நோட்டு அதற்கு நேர் எதிர்த் திசையில் நடக்கிறது. இங்கே கொடுத்தவர் பெயர் கட்டாயம் தெரிய வேண்டும், ஏனென்றால் அது அவருக்குத் திரும்பிப் போக வேண்டிய பணம்.

இந்தக் கணக்கு மிக நுணுக்கமாக வளர்ந்திருக்கும் பகுதி என்றால் புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடிச் சுற்றுவட்டாரத்தையும், தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணிப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் அங்கே மொய் விருந்துக் காலம். கல்யாணமோ காதுகுத்தோ இல்லாமலே, மொய் வாங்குவதற்காகவே பத்திரிகை அடித்துக் கறிச்சோறு போடுவார்கள். செலவைக் குறைக்கப் பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்பதும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி மேசை போட்டு எழுதுவதும் உண்டு. ஒரு குடும்பம் ஏறக்குறைய ஐந்து வருடத்துக்கு ஒரு முறை விருந்து வைக்கும். 2019-ல் வடகாட்டில் நடந்த ஒரு விருந்தில் சுமார் 4 கோடி ரூபாய் மொய் விழுந்ததாகச் செய்திகள் வந்தன. அந்தத் தொகையில் பெரும்பகுதி அந்தக் குடும்பம் முன்பு மற்றவர்களுக்குச் செய்தது திரும்பி வந்ததும், இனிமேல் திருப்பிச் செய்ய வேண்டியதும்தான். எது எவ்வளவு என்று சொல்லக்கூடியது நோட்டு மட்டுமே.

மேசையில் நடப்பது

மண்டப வாசலுக்குப் பக்கத்தில், பந்திக்குப் போகும் வழியில் மேசை போடுவார்கள். நீளவாக்கில் கெட்டி அட்டை போட்ட நோட்டு. முதல் பக்கத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, மேலே பிள்ளையார் சுழி போட்டு, இன்னார் மகன் கல்யாணம், நாள், மண்டபம் என்று தலைப்பு எழுதுவார்கள். பல ஊர்களில் தாய்மாமன் வந்து முதல் வரியைத் தொடங்கி வைக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். மேசைக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எழுதுவார், இன்னொருவர் பணம் வாங்கி எண்ணுவார். ஒரே ஆள் இரண்டையும் பார்க்கும் மேசையில் கணக்கு நேராவது அபூர்வம். கூட்டம் பந்தி விட்டு மொத்தமாகத் திரும்பும் அந்த அரைமணி நேரத்தில் எல்லாம் கலைந்துவிடும்.

எழுத உட்காருகிறவர் கையெழுத்து அழகானவராக இருப்பதைவிட ஊர் உறவு தெரிந்தவராக இருப்பது முக்கியம். தெரியாதவர் வந்து நின்றால் அவர் கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள்.

“எந்த ஊரு தம்பி?”

“கீரமங்கலம் பெரியப்பா. முருகேசன்னு போடுங்க.”

“முருகேசன் சரி. யாரு மகன்? எந்தத் தெரு?”

“மாரிமுத்து மகன். மேலத்தெரு. கொப்பரைக்காரர் வீடுன்னா தெரியும்.”

இந்தப் பேச்சு பத்து நொடிகூட ஆகாது. வரி முழுமையாகிவிடும்: ‘கீரமங்கலம் மேலத்தெரு, மா. முருகேசன் (மாரிமுத்து மகன், கொப்பரைக்காரர் வீடு) – 501.’ ஊர், தகப்பன் பெயர், ஊரார் அழைக்கும் அடையாளம் ஆகிய மூன்றும் வரியில் இருந்தால் எழுதியவர் இல்லாத காலத்திலும் நோட்டு பேசும். தலைப்பெழுத்து மட்டும் போதாது. மாரிமுத்துவும் ‘மா’, மாணிக்கமும் ‘மா’. பட்டப்பெயரை எழுதச் சிலர் கூச்சப்படுவார்கள். கேலிப் பெயராக இருந்தால் விட்டுவிடலாம். வீட்டுப் பெயர், தொழில், வகையறாப் பெயர் எழுதுவதில் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

தொகையைப் பணம் வாங்குகிறவர் சத்தமாகச் சொல்ல வேண்டும், எழுதுகிறவர் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். “மேலத்தெரு முருகேசன், ஐநூத்தி ஒண்ணு” என்று சொன்னதைக் கொடுத்தவரும் காதால் கேட்டுவிட்டுத்தான் நகர்வார். இந்தச் சத்தம்தான் இந்தப் பரிமாற்றத்தின் ரசீது. சத்தம் போடாத மேசையில்தான் “நான் ஐநூறு கொடுத்தேன், இருநூறுன்னு எழுதியிருக்கு” என்ற பேச்சு பிறகு வரும். அப்போது இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை என்பதே வேதனை.

இன்னொருவர் கையில் கொடுத்தனுப்பும் மொய் தனி ரகம். ஒரு ஊரிலிருந்து ஒருவர் வருவார், ஐந்து வீட்டுப் பணத்தையும் கொண்டுவருவார். அவசரத்தில் ஐந்தும் அவர் பெயரிலேயே ஏறிவிடுவதுண்டு. பணம் யாருடையதோ அவர் பெயரில்தான் வரி இருக்க வேண்டும். ஓரத்தில் ‘இன்னார் மூலம்’ என்று கொண்டுவந்தவர் பெயரைக் குறித்துவிட்டால் பின்னால் சந்தேகம் வந்தாலும் கேட்பதற்கு ஓர் ஆள் இருப்பார். பெண்கள் தனியாகச் செய்யும் மொய்யிலும் இந்தக் கவனம் வேண்டும். அக்கா தன் சொந்தக் காசில் தம்பி மகளுக்குச் செய்ததை, அத்தான் பெயரில் ஏற்கெனவே எழுதியாயிற்று என்று சொல்லி அதோடு சேர்த்துவிடக் கூடாது. அவர் பெயருக்கு ஒரு வரி கொடுக்க வேண்டும்.

கவர் மொய் வந்த பிறகு வேலை இன்னும் கூடிவிட்டது. நகரத்து வரவேற்புகளில் கவரை மணமக்கள் கையிலேயே கொடுத்துவிட்டு இறங்குவார்கள். இரவு மண்டபத்தைக் காலி செய்யும் அவசரத்தில் கவரைக் கிழித்துப் பணத்தை ஒரு பக்கமும் காகிதத்தை ஒரு பக்கமும் போட்டால் தொலைந்தது. ஒரு கவரைப் பிரித்து, பணத்தை எண்ணி, கவரின் மேலேயே தொகையை எழுதி, நோட்டில் ஏற்றிய பிறகுதான் அடுத்த கவரைத் தொட வேண்டும். பெயரில்லாத கவர் இருந்தால் அதைப் பணத்தோடு அப்படியே தனியே வைக்க வேண்டும். கையெழுத்தை அடையாளம் கண்டுபிடிக்க வீட்டில் யாராவது இருப்பார்கள்.

பக்கத்துக்குப் பக்கம்

அனுபவப்பட்டவர்கள் நோட்டை இரவில் மொத்தமாகக் கூட்டமாட்டார்கள். பக்கத்துக்கு 25 வரி என்று வைத்துக்கொள்வார்கள். 25-வது வரி முடிந்ததும் கூட்டம் நெருக்கினாலும் இரண்டு நிமிடம் நிறுத்தி, பக்கக் கூட்டு போட்டு, கையில் இருக்கும் பணத்தை எண்ணி, அந்தப் பக்கத்துப் பணத்தைத் தனியே ரப்பர் பேண்ட் போட்டுப் பக்க எண் எழுதிய சீட்டோடு பைக்குள் போடுவார்கள். தவறு நடந்தால் அது அந்த 25 பேருக்குள்தான் இருக்கும், அவர்களில் பாதிப்பேர் இன்னும் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். நள்ளிரவில் எழுநூறு வரியைக் கூட்டிவிட்டு 900 ரூபாய் உதைக்கிறது என்று விழிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மொய்யில் அந்த ஒற்றை ரூபாய் சேர்ப்பதற்கு மங்கலக் காரணம் சொல்வார்கள். கணக்கு எழுதுகிறவருக்கு அது இன்னொரு வகையிலும் கைகொடுக்கிறது. 101, 201, 501, 1001 என்று எல்லாத் தொகையும் நூறுகளோடு ஒன்று சேர்ந்து வருவதால், பக்கக் கூட்டின் கடைசி இரண்டு இலக்கம், ஒரு ரூபாய் சேர்த்துச் செய்தவர்களின் எண்ணிக்கையாகவே இருக்கும். 25 வரியில் 21 பேர் ஒரு ரூபாய் சேர்த்தும், 4 பேர் முழு நூறாகவும் செய்திருந்தால் கூட்டு 21 என்று முடிய வேண்டும். நடுவே 51, 251 போன்ற தொகைகள் இருந்தால் 21 அல்லது 71-ல் முடியும். வேறு எந்த எண்ணில் முடிந்தாலும் கூட்டலில் பிழை, அல்லது ஒரு வரி தவறு. கால்குலேட்டரைத் தட்டிவிட்டு இதை ஒரு பார்வை பார்த்தால் போதும்.

பணத்துக்கும் கூட்டுக்கும் இடையே விழும் வித்தியாசமும் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். பணம் 900 குறைந்தால் முதலில் 1001 என்று எழுதிய வரிகளைப் பாருங்கள். 101 வாங்கி ஒரு சுழியைக் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். பணம் 450 கூடுதலாக இருந்தால் 501 வாங்கி 51 என்று எழுதியிருக்கலாம். இதைத் தடுக்கத்தான் பெரிய தொகைகளை எண்ணோடு எழுத்தாலும் எழுதச் சொல்வார்கள். சரியாக 501 அதிகமாக இருந்தால் அதுதான் மிக மோசமான பிழை. யாரோ ஒருவர் பணம் கொடுத்திருக்கிறார், அவர் பெயர் ஏறவில்லை. பணம் குறைந்தால் கைநஷ்டத்தோடு போய்விடும். பெயர் விட்டுப்போனால் அவர் வீட்டு விசேஷத்துக்கு வெறுங்கையோடு போய் நிற்போம். அந்தப் பக்கத்தை மூடாமல், “யார் யார் வந்தார்கள், பெயர் இருக்கிறதா” என்று மேசையில் இருந்தவர்கள் அன்றைக்கே உட்கார்ந்து யோசிக்க வேண்டும். மறுநாளே முகங்கள் மங்கிவிடும்.

பழைய நடை, புதுநடை

இதுவரை சொன்னது வரவு. பெரும்பாலான வீடுகளில் கணக்கு இங்கேயே நின்றுவிடுகிறது. வந்ததை எழுதுவார்கள், தாங்கள் செய்ததை எழுதமாட்டார்கள். நினைவில் இருக்கும் என்ற நம்பிக்கை. சில பெரியவர்கள் செய்த தொகையை அந்தந்தப் பத்திரிகையின் ஓரத்திலேயே குறித்து, கட்டாகக் கட்டிப் பரணில் போட்டு வைப்பார்கள். ஒன்றும் இல்லாததற்கு அது நல்லதுதான். ஆனால் தேவைப்படும்போது அந்தக் கட்டில் தேடி எடுப்பதற்குள் விசேஷமே முடிந்துவிடும்.

பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ‘பழைய நடை’, ‘புதுநடை’ என்று பிரித்துச் சொல்கிறார்கள். முன்பு நமக்குச் செய்ததைத் திருப்பிச் செய்யும் பகுதி பழைய நடை. அதற்கு மேல் வைப்பது புதுநடை, அது அவர்கள் நமக்கு இனிச் செய்ய வேண்டியது. வாங்கியதை மட்டும் சரியாகத் திருப்பி வைத்தால் கணக்கை முடித்துக்கொள்கிறார் என்று அர்த்தம். அதனால்தான் உறவு தொடர வேண்டும் என்று நினைப்பவர்கள் கொஞ்சமாவது கூட்டி வைப்பார்கள்.

ஒரு குடும்பத்தின் கணக்கை ஓட்டிப் பார்க்கலாம். நம் வீட்டுக் காதுகுத்து 2014-ல். முருகேசன் 1000 செய்தார். 2017-ல் அவர் மகள் கல்யாணத்துக்கு நாம் 3000 செய்தோம். அதில் 1000 பழைய நடை, 2000 புதுநடை. இப்போது அவர் நமக்கு 2000 செய்ய வேண்டும். 2019-ல் நம் வீட்டு விருந்துக்கு அவர் 5000 எழுதுகிறார். 2000 கழிந்தது, 3000 புதுநடை. ஆக, அவர் வீட்டு அடுத்த விசேஷத்துக்கு நாம் செய்ய வேண்டியது 3000. உறவு தொடர வேண்டுமானால் அதற்கு மேல் நம் சக்திக்கு ஏற்றபடி.

இப்போது 2017-ல் நாம் செய்த 3000 எங்கும் எழுதப்படவில்லை என்று வையுங்கள். நம் கையில் இருப்பது இரண்டு வரவு நோட்டுகள்தான். 2014-ல் 1000, 2019-ல் 5000. கூட்டினால் 6000. கையில் பணம் இல்லாத நேரத்தில் 6000 புரட்டிக்கொண்டு போய் நிற்போம், அவர் நோட்டில் நாம் கொடுக்க வேண்டியது 3000 என்றுதான் இருக்கும். இது நமக்கு மட்டும் நேர்ந்த நஷ்டம், சிரித்துக்கொண்டு போய்விடலாம். இதே பிழை அவர் பக்கம் நடந்தால்? நாம் முன்பு செய்ததை அவர் எழுத மறந்திருந்தால் நாம் 3000 வைக்கும்போது ‘ஆறாயிரத்துக்கு மூணாயிரம் வைக்கிறானே’ என்று அவர் மனதில் விழும். வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார். பேச்சு குறையும். காரணம் தெரியாமலே ஒரு உறவு ஒடுங்கிப்போகும்.

இதற்கு விசேஷ நோட்டுக்கு அப்பால் ஒரு பேரேடு வேண்டும். விசேஷ நோட்டு வந்த வரிசைப்படி இருக்கும். பேரேடு ஊர்வாரியாக, ஊருக்குள் வீட்டுவாரியாக இருக்கும். ஒரு வீட்டுக்கு அரைப் பக்கம். இடப்பக்கம் ‘நமக்கு வந்தது’, வலப்பக்கம் ‘நாம் செய்தது’. ஒவ்வொரு வரியிலும் தேதி, யார் வீட்டு என்ன விசேஷம், தொகை. விசேஷம் முடிந்த பத்து நாளுக்குள் இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் படிக்க ஒருவர் எழுதி, ஏற்றிவிட வேண்டும். ஏற்றிய வரிக்குப் பழைய நோட்டில் ஒரு குறி போட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே வரி இரண்டு முறை ஏறும். நாம் வெளியே செய்யும் மொய்யை வீடு திரும்பிய அன்று இரவே வலப்பக்கத்தில் எழுதிவிட வேண்டும். இடப்பக்கக் கூட்டிலிருந்து வலப்பக்கக் கூட்டைக் கழித்தால் நாம் செய்ய வேண்டிய பாக்கி வந்துவிடும். துக்க வீட்டில் செய்ததையும் நல்ல காரியத்தில் செய்ததையும் பல ஊர்களில் கலப்பதில்லை. அந்த ஊர்க்காரர்கள் அதற்குத் தனிப் பக்கம் வைத்துக்கொள்வார்கள்.

கால் பவுன் மோதிரம்

பணம் எழுதுவது சுலபம். பொருள் எழுதுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘மோதிரம் 1’ என்று எழுதி வைத்தால் ஒன்றும் புரியாது. 2005-ல் ஒரு பவுன் சுமார் ஐயாயிரம் ரூபாய். இரண்டு கிராம், அதாவது கால் பவுன் மோதிரம் ஏறக்குறைய 1250 ரூபாய்க்கு வந்துவிடும். 2025 அக்டோபரில் பவுன் விலை தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. அதே மோதிரத்தைத் திருப்பிச் செய்ய இருபத்திரண்டாயிரத்துக்கு மேல் வேண்டும். நோட்டில் ‘மோதிரம் – 1250’ என்று விலை போட்டு எழுதியிருந்தால் திருப்பிச் செய்கிறவர் 1250 கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போவார், வாங்கியவருக்கு வயிறு எரியும். அதனால் பொன்னை எடை போட்டுத்தான் எழுத வேண்டும்: ‘மோதிரம், 2 கிராம், 916’. விலையை எழுதவே வேண்டாம். பொன்னுக்குப் பொன் என்பதே பொதுவான முறை.

அதே 2005-ல் ஒருவர் ரொக்கமாக 1251 செய்திருந்தால் அவருக்குத் திரும்ப வரும் 1251-ல் 2025 விலைக்கு ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்குத் தங்கம்கூட வாங்க முடியாது. ரொக்க மொய்யில் வட்டி கிடையாது, விலைவாசியும் சேராது. நோட்டு தொகையைத்தான் காப்பாற்றும், மதிப்பைக் காப்பாற்றாது. பழைய தொகையை அப்படியே திருப்பி வைக்காமல் கூட்டி வைக்கும் பழக்கம் இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கிறது. பதினைந்து, இருபது வருடப் பாக்கியைத் தீர்க்கப் போகிறவர்கள் அன்றைக்கு அந்தப் பணத்துக்கு என்ன வாங்க முடிந்தது என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கவரில் வைப்பது நியாயம்.

பாத்திரச் சீரில் இன்னொரு பழக்கம் இருந்தது. அண்டா, குடம், தவலை, குத்துவிளக்கு எதுவானாலும் கழுத்துப் பக்கம் கொடுத்தவர் பெயரையும் தேதியையும் வெட்டிக் கொடுப்பார்கள். பெயர் வெட்டுகிறவர் உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிய அந்த எழுத்து, புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மழுங்கினாலும், விரலால் தடவினால் தெரியும். கரையான் அரிக்காத மொய் நோட்டு அது. இப்போது வண்ணத்தாள் சுற்றி வரும் பரிசுகளில் பெயர் மேலே ஒட்டிய சீட்டில்தான் இருக்கிறது. தாளைக் கிழிப்பதற்கு முன்னால் சீட்டில் உள்ள பெயரையும் உள்ளே இருந்த பொருளையும் நோட்டில் எழுதிவிட வேண்டும். சுவர்க்கடிகாரமாக இருந்தால் கடிகாரத்தின் பின்பக்கத்தில் சீட்டையே ஒட்டிவிடலாம்.

மேசைக்கு வந்த கணினி

மதுரை, உசிலம்பட்டி, தேனிப் பக்கம் இப்போது கணினியோடு வந்து மொய் எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பெயரும் ஊரும் தொகையும் தட்டியதும் கொடுத்தவர் கையில் அச்சடித்த ரசீது. இரவு ஊர்வாரியாகப் பிரித்துக் கூட்டுப் போட்ட பட்டியல் வீட்டுக்காரர் கைக்கு வந்துவிடும். நோட்டு எண்ணும் இயந்திரமும் பக்கத்திலேயே இருக்கும். கூட்டல் பிழை போய்விட்டது, கையெழுத்துப் புரியாத சிக்கலும் போய்விட்டது. ஆனால் வாடகைக்கு வந்தவருக்கு ஊர் உறவு தெரியாது. ‘முருகேசன், கீரமங்கலம்’ என்று கணினியில் அடித்தாலும் அது பாதி வரிதான். அவர் பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவர் உட்கார்ந்து “யாரு மகன்” என்று கேட்டுச் சொல்ல வேண்டும். எழுத்து ஒரே மாதிரி இல்லாவிட்டாலும் கணினி குழம்பும். ‘பட்டுக்கோட்டை’ ஒரு இடத்திலும் ‘பட்டுகோட்டை’ இன்னொரு இடத்திலும் இருந்தால் ஒரே ஊரை அது இரண்டாகப் பிரித்துவிடும்.

2021 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையிலேயே கூகுள் பே, போன் பே கட்டங்களை அச்சடித்தது ஊரெல்லாம் பேச்சானது. இப்போது அது மொய் மேசையில் சாதாரணம். வங்கிக் கணக்கில் எல்லாம் பதிவாகிறதே, தனியாக எதற்கு நோட்டு என்று இளையவர்கள் கேட்கிறார்கள். வங்கிப் பதிவில் இருப்பது போன் யாருடையதோ அவர் பெயர். அப்பாவுக்காக மகன் அனுப்பியிருப்பான், பக்கத்து வீட்டுக்காரருக்காக இன்னொருவர் அனுப்பியிருப்பார். ஊரும் இருக்காது, தகப்பன் பெயரும் இருக்காது. ஆகவே பணம் போனில் வந்தாலும் மேசையில் வரி எழுத வேண்டும், ஓரத்தில் ‘போன்’ என்று ஒரு குறிப்பு. இரவு ரொக்கத்தைச் சரிபார்க்கும்போது அந்த வரிகளைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும். இதை மறந்துதான் இப்போது பல வீடுகளில் ‘பணம் குறைகிறது’ என்று ஒருவரையொருவர் சந்தேகப்படுகிறார்கள்.

வருமான வரி பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணத்தின்போது மணமகனோ மணமகளோ பெறும் அன்பளிப்புக்கு வரி இல்லை. காதுகுத்து, புதுமனை, மொய் விருந்து ஆகியவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. சட்டம் சொல்லும் உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் வந்த அன்பளிப்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் அது வருமானமாகக் கொள்ளப்படும். தாய்மாமன், அத்தை, சித்தப்பா, அக்கா, தம்பி சட்டப்படி உறவினர்கள். பெரியப்பா மகன் அந்தப் பட்டியலில் இல்லை, நமக்கு அவர் அண்ணனாக இருந்தாலும். ஒரு விசேஷத்துக்கு ஒருவரிடமிருந்து இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கும் தடை இருக்கிறது. விசாரணை என்று வந்தால் யார், என்ன உறவு, எவ்வளவு என்று காட்டக் கையில் இருக்கும் முதல் சான்று அந்த நோட்டுதான்.

நோட்டைக் காப்பதும் ஒரு வேலை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் சாய்ந்தன, எத்தனையோ வீடுகளின் கூரையும் ஓடும் போயின. பரணிலும் பெட்டியிலும் வைத்த காகிதம் நனைந்தால் ஜெல் பேனா மை முதலில் கரைந்து ஓடும், பந்துமுனைப் பேனா எழுத்து ஓரளவு தாங்கும். இன்று ஒவ்வொரு வீட்டிலும் போன் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ ஒரு பிரதியை அனுப்பிவைக்கலாம். அண்ணன் தம்பி பிரியும்போது மொய் பாக்கியையும் பிரித்துக்கொள்வார்கள். யார் எந்த ஊருக்குச் செய்வது, எந்த உறவுக்குச் செய்வது என்பதைப் பேரேட்டிலேயே எழுதி இருவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் வீட்டில் பழைய மொய் நோட்டு இருந்தால், அதைப் படிக்கத் தெரிந்த பெரியவரும் இருந்தால், இந்த மாதத்துக்குள் ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்காருங்கள். முதல் வரியிலிருந்து ஒவ்வொரு பெயராகப் படியுங்கள். “இந்த முருகேசன் யாரு தாத்தா?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் தெருவையும், தகப்பன் பெயரையும், இப்போது அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பென்சிலால் அந்த வரியின் ஓரத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.